ரஞ்சன்குடி சரக்குக்கு கஸ்டம்ஸில் ‘நம்பிக்கை முத்திரை’: சிறு ஏற்றுமதியாளருக்கு ஏ.இ.ஓ. கிடைக்குமா? 10 பில் விதியில் எங்கே சிக்கல்?

திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டினால் ரஞ்சன்குடி கோட்டை கண்ணில் படும். கோட்டையின் கீழே ஓடும் அந்தச் சாலையில் தினமும் கன்டெய்னர் லாரிகள் போகின்றன. சுற்றுவட்டாரத்தில் விளையும் சின்ன வெங்காயமும், எறையூர் சிப்காட்டில் தயாராகும் காலணியும் வெளிநாட்டுக்குப் போக வேண்டுமென்றால், இந்தச் சாலை வழியாகத்தான் துறைமுகத்துக்கோ விமான நிலையத்துக்கோ போய்ச் சேர வேண்டும்.

லாரி ஓடும் நேரத்தை ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம். துறைமுகத்தில் கஸ்டம்ஸ் அதிகாரி கன்டெய்னரைத் திறந்து பார்க்கச் சொன்னால் எவ்வளவு நேரம் ஆகும் என்பதைத்தான் கணிக்க முடியாது. கப்பல் கிளம்புவதற்குள் சோதனை முடியவில்லை என்றால் அடுத்த கப்பல்தான். காலணி காத்திருக்கும்; சின்ன வெங்காயம் காத்திருக்காது. மூடிய பெட்டிக்குள் வியர்த்து, முளைவிட்டு, அழுகத் தொடங்கிவிடும்.

இந்தக் காத்திருப்பைக் குறைப்பதற்காக மத்திய அரசிடம் ஒரு திட்டம் இருக்கிறது. ‘அங்கீகரிக்கப்பட்ட பொருளாதார இயக்குபவர்’ என்பது அதன் பெயர். சுருக்கமாக ஏ.இ.ஓ. என்கிறார்கள். பெரிய கம்பெனிகளுக்கு மட்டும்தான் இது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் 2020 டிசம்பரில் சிறு, குறு நிறுவனங்களுக்காக விதிகள் தளர்த்தப்பட்டன. அதன்படி யாருக்குக் கிடைக்கும், எங்கே தட்டிப்போகும் என்று பார்க்கலாம்.

ஏ.இ.ஓ. என்றால் என்ன?

எல்லாச் சரக்கையும் திறந்து பார்க்க எந்த நாட்டு சுங்கத்துறையாலும் முடியாது. யாரை நம்பலாம் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால், சந்தேகத்துக்குரிய சரக்கில் கவனம் செலுத்தலாம். இதுதான் திட்டத்தின் அடிப்படை. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு இந்த யோசனை வேகம் பிடித்தது. 2005-ல் உலக சுங்க அமைப்பு இதற்கான பொது வரையறையைக் கொண்டுவந்தது. இந்தியா 2011-ல் சோதனை முறையில் தொடங்கியது. இப்போதுள்ள மூன்றடுக்கு முறை 2016 ஜூலையில் வந்தது.

ஏற்றுமதியாளர், இறக்குமதியாளருக்கு டி1, டி2, டி3 என்று மூன்று படிகள் உள்ளன. டி1-க்குக் காகித ஆவணங்களைச் சரிபார்த்தால் போதும். டி2-க்கு அதிகாரிகள் நிறுவனத்துக்கே நேரில் வந்து, சுற்றுச்சுவர், சரக்கு ஏற்றும் இடம், சீல் வைக்கும் முறை, ஆட்கள் வந்துபோகும் பதிவு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். டி2 பெற்றவர்களுக்கே டி3. லாரி, கிடங்கு நடத்துபவர்களுக்கும் கஸ்டம்ஸ் ஏஜென்ட்டுகளுக்கும் எல்.ஓ. என்ற தனிப்பிரிவு உண்டு.

சிறு நிறுவனத்துக்கு என்ன தகுதி வேண்டும்?

பொதுவான விதிப்படி, விண்ணப்பிக்கும் நிறுவனம் முந்தைய நிதியாண்டில் குறைந்தது 25 சுங்க ஆவணங்களைத் தாக்கல் செய்திருக்க வேண்டும். ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில், இறக்குமதிக்கு பில் ஆஃப் என்ட்ரி. இரண்டையும் சேர்த்தே எண்ணலாம். தொழிலில் மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும்.

சிறு, குறு, நடுத்தர நிறுவனம் என்று பதிவுச் சான்று வைத்திருந்தால் இந்த 25 என்பது 10 ஆகக் குறையும். மூன்று ஆண்டு என்பது இரண்டாகும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நிதியாண்டின் ஒவ்வொரு அரையாண்டிலும் குறைந்தது 5 ஆவணங்கள் இருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 5, அக்டோபர் முதல் மார்ச் வரை 5.

இவற்றோடு மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். முதலாவது, சட்டத்தை மதித்து நடந்த வரலாறு. மோசடி, போலி ஆவணம், கடத்தல் போன்றவற்றுக்காக நோட்டீஸ் வாங்கியிருக்கக் கூடாது. வாடிக்கையாளரிடம் வாங்கிய ஜி.எஸ்.டி.யை அரசுக்குக் கட்டாமல் வைத்திருந்தாலும் சிக்கல்தான். இரண்டாவது, நிறுவனம் கடனில் மூழ்கி நிற்கக் கூடாது. மூன்றாவது, கணக்கு வழக்கு. எந்தச் சரக்கு எங்கே வாங்கப்பட்டது, எந்த லாரியில் போனது, எந்த ஷிப்பிங் பில்லில் ஏறியது என்பதை அதிகாரி கேட்டால் ஒன்றோடு ஒன்று பொருத்திக் காட்ட முடிய வேண்டும்.

இதைப் படித்தால் எளிதாகத்தான் தெரிகிறது. ஆண்டுக்கு 10 பில் என்பது மாதம் ஒன்றுகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் பெரம்பலூர் போன்ற ஊரில் பலர் தடுமாற வாய்ப்புள்ள இடம் இதுதான்.

சிக்கல் ஒன்று: பில் யார் பெயரில்?

பெரம்பலூர் மாவட்டத்தின் முக்கியப் பயிர்களில் ஒன்று சின்ன வெங்காயம். தமிழர்கள் வாழும் நாடுகளில் அதற்கு நல்ல தேவை இருக்கிறது. ஆனால் இங்கே விளைவித்து, காயவைத்து, தரம் பிரித்து, மூட்டை கட்டுபவர் வேறு. ஏற்றுமதி செய்பவர் வேறு. பெரும்பாலும் வெளியூர் வியாபாரி ஒருவர் வாங்கி, தன் பெயரில் அனுப்புவார்.

சுங்கத்துறை எண்ணுவது ஐ.இ.சி. எனப்படும் ஏற்றுமதி - இறக்குமதி குறியீட்டு எண்ணை வைத்துத்தான். யாருடைய ஐ.இ.சி. எண்ணில் ஷிப்பிங் பில் தாக்கலானதோ, அவர் கணக்கில்தான் அது ஏறும். பத்து ஆண்டுகளாக ஒருவரின் வெங்காயம் கோலாலம்பூர் கடைகளில் விற்றிருக்கலாம். ஆனால் பில் வேறொருவர் பெயரில் என்றால், கஸ்டம்ஸ் கணக்கில் அவர் ஒரு மூட்டைகூட ஏற்றுமதி செய்யாதவர்.

ஆகவே ஏ.இ.ஓ. பற்றி யோசிக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ சிறு வியாபாரியோ முதலில் செய்ய வேண்டியது, சொந்த ஐ.இ.சி. எண்ணில் அனுப்பத் தொடங்குவதுதான். அந்த எண்ணை ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஆன்லைனில் புதுப்பிக்க வேண்டும். விவரம் எதுவும் மாறாவிட்டாலும், மாற்றமில்லை என்று உறுதி செய்தாக வேண்டும். மறந்துவிட்டால் எண் முடக்கப்படலாம்.

சிக்கல் இரண்டு: அரையாண்டுக்கு ஐந்து

இதை ஓர் உதாரணத்தோடு பார்த்தால் புரியும். ரஞ்சன்குடி பக்கம் சொந்த ஐ.இ.சி. எண்ணில் சின்ன வெங்காயம் அனுப்பும் ஒரு சிறு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2023-24 நிதியாண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 9 ஷிப்பிங் பில். அக்டோபரில் 2, நவம்பரில் 1. டிசம்பர், ஜனவரியில் மேலும் சில கன்டெய்னர்களுக்கு ஆர்டர் கையில் இருக்கிறது.

அந்த ஆண்டு டிசம்பர் 8-ம் தேதி முதல் வெங்காய ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை விதித்தது. உள்நாட்டில் விலை ஏறியதுதான் காரணம். பெரிய வெங்காயத்துக்காக வந்த நடவடிக்கையில் சின்ன வெங்காயமும் மாட்டிக்கொள்கிறது, அதற்குத் தனி ஏற்றுமதிக் குறியீடு வேண்டும் என்பது தமிழக விவசாயிகளின் நீண்டநாள் கோரிக்கை. தடை 2024 மே மாதம்தான் விலகியது. அப்போதும் 40 சதவீத ஏற்றுமதி வரி இருந்தது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். அந்த நிறுவனத்தின் மொத்த பில் 12. பத்தைத் தாண்டியாச்சு. ஆனால் இரண்டாவது அரையாண்டில் 3 மட்டுமே. ஐந்து இல்லை. ஆக, அந்த நிதியாண்டை வைத்து விண்ணப்பித்தால் தகுதி கிடையாது. நிறுவனம் எந்தத் தவறும் செய்யவில்லை, வரி பாக்கி இல்லை, வழக்கு இல்லை. ஆனாலும் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதுதான்.

தடை வராத ஆண்டிலும் பருவப் பொருள் அனுப்புபவருக்கு இந்த ஆபத்து உண்டு. அறுவடை வரும் மாதங்களில் வரிசையாக அனுப்பிவிட்டு, மற்ற மாதங்களில் சும்மா இருந்தால் ஒரு பக்கம் எண்ணிக்கை குறையும். எனவே ஒவ்வொரு செப்டம்பர் முதல் வாரத்திலும் மார்ச் முதல் வாரத்திலும் ‘இந்த அரையாண்டில் எத்தனை பில்?’ என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் நுழைந்தால் ஷிப்பிங் பில் விவரம் கிடைக்கும்.

இங்கே எண்ணப்படுவது ஆவணம்தான், சரக்கின் அளவு அல்ல. திருச்சி விமான நிலையம் வழியாகப் போகும் சிறிய சரக்குக்கும் ஒரு ஷிப்பிங் பில் உண்டு. ஆனால் கணக்குக் காட்டுவதற்காக ஒரே சரக்கைத் துண்டு போட்டு அனுப்புவது கட்டுப்படியாகாது. ஒவ்வொரு பில்லுக்கும் ஏஜென்ட் கட்டணம், தாவர நலச் சான்று என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

எப்படி விண்ணப்பிப்பது?

www.aeoindia.gov.in தளத்தில் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. சிறு நிறுவனங்களுக்குப் படிவங்களும் சுருக்கப்பட்டுள்ளன. டி1 விண்ணப்பத்தை அந்தந்த மண்டல சுங்க அலுவலகம் பரிசீலிக்கும். டி2, டி3 விண்ணப்பங்கள் டெல்லியில் உள்ள சர்வதேச சுங்க இயக்குநரகத்துக்குப் போகும்.

முழுமையான ஆவணங்களோடு கொடுத்தால், சிறு நிறுவனங்களின் டி1 விண்ணப்பத்தை 15 வேலை நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. டி2-க்கு மூன்று மாதம். ‘முழுமையான’ என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. குறை இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். நாள் கணக்கும் முதலில் இருந்து தொடங்கும்.

அடிக்கடி கவனிக்காமல் விடப்படுவது பெயர்தான். ஐ.இ.சி., ஜி.எஸ்.டி., பான், உத்யம் பதிவு நான்கிலும் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் ‘டிரேடர்ஸ்’, இன்னொன்றில் ‘எக்ஸ்போர்ட்ஸ்’ என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடும். கிடங்கு இடம் மாறியதை ஜி.எஸ்.டி.யில் மட்டும் திருத்திவிட்டு மற்றதை விட்டுவிடுவதும் இதே வகைதான்.

கிடைத்தால் என்ன லாபம்?

வெங்காய ஏற்றுமதியாளருக்கு முதல் லாபம் நேரம். ஷிப்பிங் பில் தாக்கலானதும், எந்தச் சரக்கைச் சோதிப்பது என்பதை ‘ரிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்ற கணினி முறை முடிவு செய்கிறது. ஏ.இ.ஓ. பெற்றவரின் சரக்கு சோதனைக்குத் தேர்வாகும் வாய்ப்பு குறையும். சோதனையே இருக்காது என்று அர்த்தம் இல்லை. குறிப்பிட்ட தகவல் வந்தால் யார் சரக்கையும் திறப்பார்கள்.

இரண்டாவது, நேரடித் துறைமுக நுழைவு. வழக்கமாக ஏற்றுமதிக் கன்டெய்னர்கள் துறைமுகத்துக்கு வெளியே உள்ள சி.எஃப்.எஸ். எனப்படும் சரக்கு நிலையத்தில் நின்று, அங்கே வேலை முடிந்து, பிறகு துறைமுகத்துக்குள் போகும். நேரடி நுழைவு வசதி இருந்தால் கிடங்கில் சீல் வைத்த பெட்டி நேராகத் துறைமுக முனையத்துக்கே போகலாம். ஒருமுறை இறக்கி ஏற்றும் செலவும், அங்கே நிற்கும் நேரமும் மிச்சம். ஆனால் கிடங்கிலேயே கன்டெய்னரில் ஏற்றி, மின்னணு சீல் வைத்து அனுப்புபவருக்குத்தான் இது பயன்படும். துறைமுகத்துக்கு அருகே கொண்டுபோய் கன்டெய்னரில் ஏற்றுபவருக்குப் பயன் குறைவு.

காலணி போன்ற உற்பத்தித் தொழிலில் இருப்பவருக்கு லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: பணம். வெளிநாட்டிலிருந்து மூலப்பொருளை வரி இல்லாமல் இறக்கி, பொருளாக்கி ஏற்றுமதி செய்யும் திட்டங்கள் உள்ளன. ஏற்றுமதி செய்யாமல் விட்டுவிட்டால் வரியை வசூலிக்க வேண்டுமே என்பதற்காக, தேவைப்படும் இடங்களில் சுங்கத்துறை வங்கி உத்தரவாதம் கேட்கும்.

ஒரு நிறுவனம் 20 லட்சம் ரூபாய்க்கு உத்தரவாதம் தர வேண்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். டி1 பெற்ற சிறு நிறுவனம் என்றால் அதில் 25 சதவீதம், அதாவது 5 லட்சத்துக்குத் தந்தால் போதும். டி2 என்றால் 10 சதவீதம், 2 லட்சம். டி3-க்கு உத்தரவாதமே தேவையில்லை. வங்கிகள் உத்தரவாதம் தரும்போது ஒரு பங்கை வைப்புத்தொகையாகக் கேட்கும், கமிஷனும் எடுக்கும். உத்தரவாதம் குறைந்தால் அந்தப் பணம் தோல் வாங்கவும் கூலி கொடுக்கவும் கையில் இருக்கும்.

மூலப்பொருளுக்குக் கட்டிய வரியை ஏற்றுமதிக்குப் பிறகு திரும்பப் பெறும் ‘டிராபேக்’ தொகையும் டி2 பெற்றவருக்கு வேகமாக வர வேண்டும். கப்பல் கிளம்பியதற்கான அறிக்கை தாக்கலான 72 மணி நேரத்துக்குள் என்பது திட்டம் சொல்லும் கெடு. ஆனால் புதிதாக விளைந்த வெங்காயத்தை அப்படியே அனுப்புபவருக்கு இந்தச் சலுகையால் பெரிதாக எதுவும் வரப்போவதில்லை. எனவே யார் எந்தப் படிக்குப் போக வேண்டும் என்பது அவர் விற்கும் பொருளைப் பொறுத்தது.

வெளிநாட்டுத் துறைமுகத்திலும் செல்லுமா?

இரு நாடுகள் ஒருவர் கொடுத்த அங்கீகாரத்தை மற்றவர் ஏற்க ஒப்பந்தம் போட்டிருந்தால் செல்லும். ஹாங்காங், தென் கொரியா, தைவான் ஆகியவற்றோடு இந்தியா இப்படி ஒப்பந்தம் செய்துள்ளது. அமெரிக்காவோடு 2021 செப்டம்பரில் கையெழுத்தானது. ஆனால் இந்தச் சலுகை டி2, டி3 பெற்றவர்களுக்கு மட்டுமே. டி1 அட்டை இந்தியக் கரையோடு முடிந்துவிடும்.

எறையூர் சிப்காட்டில் 2022-ல் காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, அடுத்த ஆண்டே உற்பத்தி தொடங்கியது. அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்தில் தைவான் நிறுவனத்தின் காலணி ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. உலக அளவில் விற்கும் பிராண்டுகளுக்கான தொழில் இது. இத்தகைய ஆலைகளைச் சுற்றி உருவாகும் சிறு நிறுவனங்களுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது.

டி2, டி3 கேட்கும் பெரிய நிறுவனம், தன்னோடு தொழில் செய்பவர்களும் பாதுகாப்பாக இயங்குகிறார்கள் என்று காட்ட வேண்டும். அட்டைப்பெட்டி தருபவர், ஷூ பாகம் தைத்துத் தருபவர், லாரி ஓட்டுபவர் எல்லோரும் இதில் அடக்கம். கிடங்குக்கு யார் வந்துபோகிறார்கள், லாரி வழியில் எங்கே நின்றது, சீல் எண்ணை யார் குறித்தது என்றெல்லாம் கேள்வித்தாள் வரலாம். அவர் ஏ.இ.ஓ. வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அந்தப் பதிவேடு இல்லையென்றால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடக்கூடும்.

எதற்கெல்லாம் உதவாது?

ஏற்றுமதித் தடை வந்தால் ஏ.இ.ஓ. அட்டையைக் காட்டி ஒரு பெட்டிகூட அனுப்ப முடியாது. 2023 டிசம்பரில் நடந்ததுபோல் தடை எல்லோருக்கும் ஒன்றுதான். ஏற்றுமதி வரியும் குறையாது. தாவர நலச் சான்று போன்ற மற்ற துறைகளின் ஆவணங்களும் வழக்கம்போல் வேண்டும். வாங்கும் நாடு விதிக்கும் இறக்குமதி வரியும் அப்படியே இருக்கும்.

வாங்கிய அங்கீகாரம் தானாக நிற்கும் என்றும் நினைக்கக் கூடாது. டி1 பெற்றவர்கள் தகுதி தொடர்கிறது என்று ஆண்டுதோறும் ஆன்லைனில் உறுதிமொழி தர வேண்டும். பங்குதாரர், முகவரி, வங்கி விவரம் மாறினால் தெரிவிக்க வேண்டும். தவறான எடை, தவறான பொருள் விவரத்தோடு பில் தாக்கலாகி, அது மோசடி என்று வழக்கானால் அங்கீகாரம் போகும். ஏஜென்ட் போட்ட பில் என்றாலும் ஐ.இ.சி. எண் ஏற்றுமதியாளருடையது. அவரையும்தான் கேள்வி கேட்பார்கள்.

இப்போது என்ன செய்யலாம்?

கடந்த நிதியாண்டின் ஷிப்பிங் பில்களைத் தேதிவாரியாக இரண்டு பத்தியாக எழுத வேண்டும். ஒன்று ஏப்ரல் - செப்டம்பர், மற்றது அக்டோபர் - மார்ச். இரண்டிலும் ஐந்தோ அதற்கு மேலோ இருந்து, எல்லாமே சொந்த ஐ.இ.சி. எண்ணில் என்றால், டி1 விண்ணப்பத்துக்கான முதல் கதவு திறந்தாச்சு. அடுத்தது பெயர், முகவரியை நான்கு பதிவுகளிலும் ஒன்றாக்குவது, ஜி.எஸ்.டி. பாக்கியைத் தீர்ப்பது.

ஒரு பத்தியில் ஐந்து குறைந்தால், விண்ணப்பத்தில் நேரத்தைச் செலவிடுவதைவிட, இந்த ஆண்டின் மீதி மாதங்களுக்கு எந்தச் சரக்கை, எந்த மாதம் அனுப்புவது என்று திட்டமிடுவதே பலன் தரும். வெங்காயம் இல்லாத மாதத்தில் வேறு எதை அனுப்பலாம் என்ற கேள்விக்கு விடை கிடைத்தால், ஏ.இ.ஓ.வும் சேர்ந்தே கிடைக்கும்.